4 ஹெர்ட்ஸில் ஆடிய ஓர் அலுவலகத் தளம்: பீமைத் தடிமனாக்குவதற்கு முன் போட்ட கணக்கு

பல வருடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலை பார்த்த தளம் இது. உள்ளே இருந்த அறைச்சுவர்களை எடுத்து, ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றி, எல்லாரையும் ஒரே திறந்த கூடத்தில் உட்காரவைத்ததும் புகார் ஆரம்பித்துவிட்டது. யாராவது வேகமாக நடந்து போனால் நாற்காலியோடு சேர்ந்து தானும் ஆடுவதுபோல இருக்கிறது, மானிட்டர் நடுங்குகிறது, தலை கிறுகிறுக்கிறது என்றார்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், சொன்னவர்கள் எல்லாருமே உட்கார்ந்திருந்தவர்கள், அதுவும் தூண்களுக்கு நடுவே விழும் கட்டத்தின் மையத்தில் மேஜை போட்டிருந்தவர்கள். நடந்துபோனவர்களைக் கேட்டால் "ஒன்றும் தெரியவில்லையே" என்கிறார்கள். அதில் பொய் இல்லை, நடக்கும் உடம்புக்கு இந்த அளவு அசைவு தெரியாது.

நிர்வாகத்துக்கு இருந்த முதல் பயம், கட்டடம் இடிந்துவிடுமோ என்பது. அதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம். நாங்கள் அளந்த உச்ச முடுக்கம் 0.06 மீ/வி², அதிர்வெண் 4 ஹெர்ட்ஸ். முடுக்கத்தைக் கோண அதிர்வெண்ணின் இருமடியால் வகுத்தால் தளம் மேலும் கீழும் எவ்வளவு போகிறது என்று வந்துவிடும்: ஏறத்தாழ 0.1 மி.மீ. அன்றாட எடையைச் சும்மா தாங்கி நிற்பதற்கே அந்த பீம் 13 மி.மீ. தொய்கிறது, அதன் முன் இது ஒன்றுமே இல்லை. ஆகவே வலிமையில் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் "பாதுகாப்பானதுதான், போய் வேலையைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடவும் முடியாது, ஏனென்றால் கேட்கப்பட்ட கேள்வி அது இல்லை.

தளம்

இரும்பு பீம், அதன்மேல் மடிப்புத் தகடு, அதன்மேல் கான்கிரீட் என்ற வழக்கமான காம்போசிட் தளம். பீம்கள் 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் இடைவெளியில். அவற்றைத் தாங்கும் கர்டர்கள் 9 மீட்டர். ஸ்லாப் மொத்தம் 130 மி.மீ., அதில் தகட்டின் மடிப்பு 50, அதற்கு மேலே கான்கிரீட் 80. பீம் ஏறக்குறைய 453 மி.மீ. ஆழம், மீட்டருக்கு 67 கிலோ. கர்டர் 533 ஆழம், 92 கிலோ. தூணில்லாமல் நீண்ட இடம் வேண்டும் என்று கேட்கும் அலுவலகங்களில் சர்வசாதாரணமாகப் போடுகிற அளவுகள்தான்.

பழைய வடிவமைப்புக் கணக்கில் அதிர்வுக்கென்று ஒரே ஒரு வரி இருந்தது: பீமின் இயல்பு அதிர்வெண் 4.9 ஹெர்ட்ஸ், 4-க்கு மேல், சரி. அந்த 4.9 கணக்குப்படி தப்பில்லை. ஆனால் அந்த வரியில் இரண்டு ஓட்டை இருக்கிறது. ஒன்று, அது தனி பீமின் எண், தளத்தின் எண் இல்லை. இன்னொன்று, தளத்தின் எண்ணாகவே இருந்தாலும், உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு ஆட்டத்தை உணர்வார் என்பதை அதிர்வெண் மட்டும் சொல்லாது.

முதல் ஓட்டை: கர்டரை மறந்த அதிர்வெண்

கையால் போடுகிற சூத்திரம் எளிது. தளத்தில் அன்றாடம் உண்மையில் இருக்கும் எடைக்கு பீம் எத்தனை மில்லிமீட்டர் தொய்யும் என்று தெரிந்தால் போதும்.

```
fn = 0.18 √(g/Δ) ≈ 18/√Δ     (Δ: mm, fn: Hz)
```

பீமின் தொய்வு 13.4 மி.மீ., எனவே 4.9 ஹெர்ட்ஸ். கர்டரின் தொய்வு 9.95 மி.மீ., எனவே 5.7 ஹெர்ட்ஸ். இரண்டுமே 4-க்கு மேலேதானே என்று தோன்றும். ஆனால் பீம் கர்டரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கர்டர் இறங்கினால் பீமும் சேர்ந்து இறங்கும். ஆக இரண்டு தொய்வையும் கூட்டித்தான் அதிர்வெண் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சின்னச் சலுகை உண்டு. பீம் ஆடும்போது பக்கவாட்டில் எவ்வளவு அகலத்துக்கு ஸ்லாப் சேர்ந்து ஆடுகிறதோ, கர்டரின் நீளம் அதைவிடக் குறைவாக இருந்தால் கர்டரின் தொய்வை அந்த விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம். நம் தளத்தில் அந்த அகலம் 11.4 மீட்டர், கர்டர் 9 மீட்டர், ஆக கர்டரின் பங்கு 7.8 மி.மீ. மொத்தம் 21.2 மி.மீ. தளத்தின் அதிர்வெண் 3.9 ஹெர்ட்ஸ்.

4.9 எங்கே, 3.9 எங்கே. நீண்ட தளங்களில் இந்த ஒரு ஹெர்ட்ஸ் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மனிதர்கள் வினாடிக்கு 1.6 முதல் 2.2 அடி வரை வைக்கிறார்கள், ஆனால் ஒரு அடி என்பது வழுவழுப்பான சைன் அலை இல்லை. அதற்குள் அடிவேகத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்ணிலும் சிறுசிறு தள்ளல்கள் ஒளிந்திருக்கின்றன. இவற்றை ஹார்மானிக் என்பார்கள்; அடிவேகமே முதலாவது, அதன் வீச்சு உடல் எடையில் சுமார் பாதி. இரண்டாவது ஐந்தில் ஒன்று, மூன்றாவது பத்தில் ஒன்று, நான்காவது இருபதில் ஒன்று. 4.9 ஹெர்ட்ஸ் தளத்தை ஒத்ததிர்வுக்குக் கொண்டுவர மூன்றாவது ஹார்மானிக்தான் இருக்கிறது, ஏனென்றால் இரண்டாவதால் எட்ட வேண்டுமானால் வினாடிக்கு 2.45 அடி வைக்க வேண்டும், அது கிட்டத்தட்ட ஓட்டம். 3.9 ஹெர்ட்ஸ் தளத்துக்கோ வினாடிக்கு 1.95 அடி போதும். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று விறுவிறுவென நடக்கிற யாரும் அந்த வேகத்தில்தான் போவார்கள், தளத்தைத் தள்ளுவது இரட்டை வலுவுள்ள இரண்டாவது ஹார்மானிக்காக இருக்கும்.

இரண்டாவது ஓட்டை: எடையும் டாம்பிங்கும்

ஒத்ததிர்வு வந்துவிட்டது என்றால் ஆட்டம் எவ்வளவு பெரிதாகும்? அதைத் தீர்மானிப்பவை இரண்டு: சேர்ந்து ஆடும் தளத்தின் எடை, அந்த ஆட்டத்தைத் தின்னும் டாம்பிங். அமெரிக்க இரும்புக் கட்டுமான நிறுவனமான ஏஐஎஸ்சியின் டிசைன் கைடு 11 இதை ஒரே வரியில் தருகிறது, இதில் ap உச்ச முடுக்கம், g புவியீர்ப்பு முடுக்கம், β டாம்பிங், W சேர்ந்து ஆடும் எடை:

```
ap/g = Po · e^(-0.35 fn) / (β W)
Po = 0.29 kN,   அலுவலகத்துக்கு வரம்பு: ap/g ≤ 0.5%
```

இதில் 0.29 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதில்லை, கேட்டால் நல்லது. ஒருவரின் எடை 0.7 கிலோநியூட்டன், ஹார்மானிக்கின் வீச்சு அதிர்வெண் ஏற ஏறக் குறைவதை 0.83·e^(-0.35 fn) என்று ஒரு வளைகோடாகப் பொருத்தியிருக்கிறார்கள், அப்புறம், நடப்பவரும் உட்கார்ந்திருப்பவரும் ஒரே புள்ளியில் இருப்பதில்லை, முழு ஒத்ததிர்வு சேரும் முன்பே நடப்பவர் கடந்து போய்விடுவார் என்பதற்காகப் பாதியாக்கியிருக்கிறார்கள். 0.7 × 0.83 × 0.5, அதுதான் 0.29. நீளமான நேர்க் காரிடார் இருக்கும் தளத்தில் அந்தப் பாதியாக்கல் கொஞ்சம் தாராளம் என்பது என் கருத்து.

W என்பது ஒரு கட்டத்தின் எடை மட்டுமில்லை. பீம் திசையில் பக்கத்துக் கட்டங்களும் தொடர்ந்து வருவதால் பீம் பேனலுக்கு ஏறத்தாழ 704 கிலோநியூட்டன், கர்டர் பேனலுக்கு 628. தொய்வு விகிதத்தில் இரண்டையும் கலந்தால் 676. இனி β மட்டும்தான் பாக்கி, மொத்த வழக்கும் அங்கேதான் இருக்கிறது.

வெறும் கட்டமைப்புக்கு 0.01. ஃபால்ஸ் சீலிங்கும் காற்றுக்குழாய்களும் தொங்கினால் இன்னொரு 0.01. கணினிகள் மட்டும் உள்ள மேஜைகளுக்கு 0.005, காகிதக் கோப்புகளும் அலமாரிகளும் நிறைந்த பழைய பாணி அலுவலகத்துக்கு 0.01. மேல்தளம் வரை எட்டும் தடுப்புச்சுவர்கள் இருந்தால் மட்டும் 0.02 முதல் 0.05 வரை கூடுதலாகக் கிடைக்கும். பழைய அலுவலகத்தில் இது எல்லாமே இருந்தது, ஆக மொத்தம் 0.05 என்று வைத்தாலே அடக்கமான மதிப்பு. அப்போது முடுக்கம் 0.22%. யாரும் புகார் சொல்லாததில் ஆச்சரியமே இல்லை. புதுப்பித்த பிறகு மிஞ்சியது கட்டமைப்பும் மேஜைகளும், 0.015. முடுக்கம் 0.73%. அதே பீம், அதே ஸ்லாப், அதிர்வெண்ணிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. ஆனால் ஆட்டம் மூன்று மடங்குக்கு மேல்.

அதிர்வெண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. முன்பும் 3.9, இப்போதும் 3.9.

அளந்து பார்த்தபோது

கணக்கை நம்பிக் கைவைக்கும் முன் அளந்துவிடுவது நல்லது. முடுக்கமானியைக் கட்டத்தின் மையத்தில், கார்ப்பெட்டை விலக்கி ஸ்லாப் மேலேயே வைத்தோம் (கார்ப்பெட் மேல் வைத்தால் சில சமயம் கார்ப்பெட்டைத்தான் அளப்பீர்கள்). முதலில் குதிகால் சோதனை: ஒருவர் அதற்கு அருகில் நின்று, முன்பாதத்தில் எம்பி, குதிகாலைத் தொப்பென்று இறக்க வேண்டும். அப்புறம் அசையாமல் நிற்க வேண்டும், தளம் தானாக ஆடி அடங்கும். அந்த அலையில் அடுத்தடுத்த உச்சிகளின் இடைவெளி 0.25 வினாடி, அதாவது 4.0 ஹெர்ட்ஸ். கணக்கைவிடச் சற்று அதிகம். இது எதிர்பார்த்ததுதான், ஏனென்றால் கணக்கில் சாதாரண மூட்டு என்று எடுத்துக்கொண்ட இணைப்புகள் இவ்வளவு சின்ன அசைவில் கொஞ்சம் இறுக்கமாகவே நடந்துகொள்ளும்.

டாம்பிங்கை அதே அலையிலிருந்து எடுக்கலாம், மென்பொருள்கூட வேண்டாம். ஒரு உச்சியை எடுத்துக்கொண்டு, அது மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலே, சரியாகச் சொன்னால் 37 சதவீதத்துக்கு, இறங்க எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ண வேண்டும். N சுற்று ஆனால் β = 1/(2πN). இங்கே சுமார் 10 சுற்று ஆனது. β = 0.016. கணக்கில் வைத்த 0.015-க்கு இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, டாம்பிங் பொதுவாக இப்படிக் கட்டுக்கடங்கி வராது. முதல் ஓரிரு சுற்றை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அடித்தவுடன் வேறு அதிர்வு வடிவங்களும் கலந்திருக்கும், அவை வேகமாக மடிவதைப் பார்த்து டாம்பிங் அதிகம் என்று ஏமாந்துவிடலாம்.

பிறகு நடைச் சோதனை. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120-இல் வைத்து ஒருவர் காரிடாரில் நடந்தார், வினாடிக்கு 2 அடி, அதன் இரண்டு மடங்கு தளத்தின் 4 ஹெர்ட்ஸ். உச்ச முடுக்கம் 0.06 மீ/வி², அதாவது 0.61%. அளந்த 4.0-ஐயும் 0.016-ஐயும் சூத்திரத்தில் போட்டால் 0.66% வருகிறது. அதே ஆள் அதே பாதையில் நிமிடத்துக்கு 105 அடியாக நடந்தபோது முடுக்கம் 0.015 மீ/வி²-க்கு இறங்கிவிட்டது. இந்த ஒரு ஒப்பீடு போதும், இது ஒத்ததிர்வுதான், தளர்ந்த போல்ட்டோ விரிசலோ இல்லை என்று சொல்ல. அப்படி ஏதாவது இருந்தால் நடையின் வேகத்தை இவ்வளவு கறாராகப் பொருட்படுத்தாது.

பிரிட்டன் பக்கத்து முறையில் பழகியவர்களுக்கு: 0.06 உச்சத்தை √2-ஆல் வகுத்து, அடிப்படை மதிப்பான 0.005-ஆல் மறுபடி வகுத்தால் ரெஸ்பான்ஸ் ஃபாக்டர் 8.5. பிரிட்டனின் இரும்புக் கட்டுமான நிறுவனமான எஸ்சிஐயின் வழிகாட்டியில் அலுவலகத்துக்கு 8. இரண்டு முறையுமே எல்லையைத் தாண்டிவிட்டது என்றுதான் சொல்கின்றன, ஆனால் ஒன்று 20 சதவீதத்துக்கு மேல் என்கிறது, மற்றது 6 சதவீதம். இந்த வரம்புகள் கத்திமுனை இல்லை. 0.45 வந்தால் எல்லாரும் சந்தோஷம், 0.55 வந்தால் எல்லாரும் ராஜினாமா என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பீமைத் தடிமனாக்கலாமா?

எல்லாரும் முதலில் கேட்டது இதைத்தான். சீலிங் ஏற்கெனவே திறந்திருக்கிறது, பீமின் அடியில் தகடோ டீ வடிவ இரும்போ வைத்து வெல்டிங் செய்துவிடலாம். பீமின் விறைப்பு 40 சதவீதம் கூடுகிறது என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். 40 சதவீதம் என்பது கொஞ்சநஞ்சமில்லை, தளம் முழுக்க ஒவ்வொரு பீமுக்கும் கணிசமான இரும்பு.

பீம் தொய்வு 13.4-இலிருந்து 9.6-க்கு இறங்குகிறது. நல்லது. ஆனால் பீம் விறைத்ததும் பக்கவாட்டில் ஸ்லாப் சேர்ந்து ஆடும் அகலம் 11.4-இலிருந்து 10.5 மீட்டருக்குச் சுருங்குகிறது, அதனால் பீம் பேனலின் எடை குறைகிறது. கர்டருக்குக் கிடைத்த சலுகையும் குறைந்து அதன் பங்கு 7.8-இலிருந்து 8.5 ஆகிறது. கடைசியில் அதிர்வெண் 3.9-இலிருந்து 4.2, W 676-இலிருந்து 664, முடுக்கம் 0.73-இலிருந்து 0.66 சதவீதம். இவ்வளவு இரும்புக்கும் வெல்டிங்குக்கும் பலன் பத்தில் ஒரு பங்கு, இன்னும் வரம்புக்கு மேலேதான். அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தில்தான் ஏறும், அதுவும் கர்டர் அப்படியே இருக்கும்போது இன்னும் மந்தமாக ஏறும். கர்டரையும் சேர்த்து விறைத்தால் கொஞ்சம் கூடும், ஆனால் 4.2 என்பதும் வேகமான நடையின் இரண்டாவது ஹார்மானிக்குக்குள்ளேயே இருக்கிறது, வினாடிக்கு 2.1 அடி. தப்பிக்க வேண்டுமானால் 4.5-ஐத் தாண்ட வேண்டும்.

இதே இடத்தில் இன்னொரு பொறி. விவாதத்தில் ஒருவர், "வடிவமைப்பு லைவ் லோடு சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், நீங்கள் 0.4 வைத்திருக்கிறீர்கள், இது பாதுகாப்பான பக்கமா?" என்று கேட்டார். வலிமைக் கணக்கில் பழகிய கைக்கு நியாயமான கேள்வி. 2.5 வைத்துப் பார்த்தால் அதிர்வெண் 3.1-க்கு இறங்குகிறது, அதைப் பார்த்தால் கடுமையான கணக்குபோலத் தெரியும். ஆனால் W 1.6 மடங்கு ஆகிறது, முடுக்கம் 0.73-இலிருந்து 0.6-க்கு வந்துவிடுகிறது. அதாவது இல்லாத எடையைத் தளத்தில் ஏற்றி, தளம் அமைதியாகிவிட்டது என்று காட்டுகிறோம். அதிர்வுக்கு எப்போதும் உண்மையில் இருக்கும் எடைதான், கணினி அலுவலகத்துக்கு 0.4 போதும். அதுபோலவே கான்கிரீட்டின் மீள்மைக் குணகத்தை 1.35 மடங்காக எடுக்க வேண்டும், ஏனென்றால் வேகமான சின்ன அசைவில் கான்கிரீட் விறைப்பாக நடந்துகொள்ளும். இதை விட்டுவிட்டால் அதிர்வெண் கொஞ்சம் குறைவாக வரும், பெரிய விபரீதம் இல்லை.

செய்தது

முதலில் செலவே இல்லாதது: காரிடாரை நகர்த்தினோம். புதிய திட்டத்தில் பிரதான நடைபாதை கட்டங்களின் நட்டநடுவில், தளம் அதிகம் ஆடும் கோட்டிலேயே போயிருந்தது. அதைக் கர்டருக்கு நேர்மேலே கொண்டுபோனால், நடப்பவரின் அடி விழும் இடம் மொத்தத் தொய்வில் கர்டரின் பங்கை மட்டுமே பார்க்கும்: 21.2-இல் 7.8, மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். தளத்துக்குள் போகும் தள்ளல் அதே விகிதத்தில் குறையும். மேஜைகளுக்கு இடையே நடப்பதைத் தடுக்க முடியாதுதான், ஆனால் அங்கே யாரும் நேர்கோட்டில் விறுவிறுவென்று 12 மீட்டர் நடப்பதில்லை, ஒத்ததிர்வு சேர அவகாசம் கிடைக்காது.

இரண்டாவது, டாம்பிங்கைத் திருப்பிக் கொண்டுவந்தது. எப்படியும் கூட்ட அறைகள் தேவைப்பட்டன. கண்ணாடித் தடுப்புகளாக, மேலே இடைவெளி விட்டு வரையப்பட்டிருந்ததை, புகார் அதிகமான கட்டங்களில் மேல்தளம் வரை எட்டும் ஜிப்சம் சுவர்களாக மாற்றச் சொன்னோம். அரைச்சுவர் தடுப்புகளால் இந்தப் பலன் வராது. மேலும் கீழும் பிடிக்கப்பட்ட சுவர், தளம் அசையும்போது இணைப்புகளில் உரசி ஆற்றலைத் தின்னும், அதுதான் வேண்டும். கீழ்த்தளத்தில் இருந்து நம் தளத்தின் அடியைத் தொடும் சுவரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் கீழே வேறு குடியிருப்பாளர் இருந்ததால் அதைத் தொடவில்லை.

சுவர்கள் வந்தபின் மறுபடி குதிகால் சோதனை. இம்முறை 5 சுற்றுக்குச் சற்று மேலேயே 37 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, β ஏறக்குறைய 0.03. பழைய பாதையிலேயே, கட்ட மையத்தில், 120 வேகத்தில் நடக்கவைத்தபோது 0.033 மீ/வி², 0.34%. புதிய காரிடாரில் நடந்தபோது 0.015-ஐத் தாண்டவில்லை. அதிர்வெண் அதே 4.0.

டியூன்டு மாஸ் டாம்பர் வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை, தள்ளிவைத்திருக்கிறோம். இந்தத் தளத்தின் மோடல் நிறை W-வில் பாதி, 34 டன். அதில் 2 சதவீதம் என்றால் கட்டத்துக்கு 700 கிலோ இரும்பு ஸ்பிரிங்கில் தொங்க வேண்டும், அதை 4 ஹெர்ட்ஸுக்கு ஒரு மயிரிழை கீழே இசைக்க வேண்டும். தளத்தின் எடை மாறி அதிர்வெண் சற்று நகர்ந்தால்கூட அதன் பலன் சரிந்துவிடும், ஆகவே அவ்வப்போது திரும்ப இசைக்க ஆள் வேண்டும். அடுத்த குடியிருப்பாளர் வந்து இந்தச் சுவர்களையும் எடுக்கச் சொன்னால் அதுதான் அடுத்த வழி. அதனால் வரைபடத்தில் அந்தச் சுவர்கள் மேல் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறோம்: "சுமை தாங்குவதில்லை, ஆனால் அகற்றும் முன் அதிர்வுக் கணக்கு பார்க்கவும்". பீமின் அடியில் டாம்பர் தொங்கவிட 600 மி.மீ. இடமும் குழாய் போகாமல் ஒதுக்கப்பட்டிருக்கிறது.